காலையில் எருமை, மாலையில் பசு

துவாக்குடியில் பாய்லர் உதிரி பாகங்கள் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் டோரதி பதினோரு வருஷம் அளவு பார்த்தாள். இரும்பு வளையம், குழாய் மூட்டு, போல்ட்டுத் துளை என்று எது வந்தாலும் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பச்சைச் சாக்பீஸ் கோடு, இல்லையென்றால் சிவப்பு. நடுவில் ஒரு நிறம் அவளிடம் கிடையாது. "கால் மில்லிதானேம்மா, ஃபிட் பண்ணும்போது உக்காந்துடும்" என்று ஃபோர்மேன் எத்தனையோ தரம் கெஞ்சியிருக்கிறார். "உக்காந்தப்புறம் வந்து சொல்லுங்க சார், பச்சை போடறேன்" என்பாள்.

அவள் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. இன்னாசிராஜ் அங்கே வெல்டர். அவன் வேலையில் சேர்ந்த முதல் வாரம் பற்றவைத்துக் கொடுத்த ஒன்பது மூட்டுகளில் ஏழுக்குச் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினாள். அவன் சண்டை போட வந்தான். அவள் வெர்னியரை அவன் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றாள். அவன் பார்த்தான். ஏழும் தப்பு. மிச்சம் இரண்டில் ஒன்றும் தப்புதான், அவள்தான் கவனிக்கவில்லை என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். அந்த நேர்மைக்காக அவனைப் பிடித்துப்போனது. அடுத்த வருஷம் பொன்மலையில் கோயிலில் கல்யாணம்.

நாற்பத்தொன்றாவது வயதில் அவளுக்கு வேலை போயிற்று. ஆர்டர் குறைந்தது, அளவு பார்க்க ஒரு மெஷின் வாங்கினார்கள், பெண்கள் நாலு பேருக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள். இன்னாசிராஜ் வேறு பட்டறைக்கு மாறி, தினமும் பஸ் ஏறித் துவாக்குடி போய்வந்துகொண்டிருந்தான். அவர்கள் வீடு திருவானைக்காவலுக்குக் கிழக்கே, கல்லணை சாலையை ஒட்டிய வாழைக்கட்டளையில். சுற்றிலும் வாழைத்தோப்பு, பக்கத்தில் வாய்க்கால், புல்லுக்குப் பஞ்சமில்லை. ஊர்ப் பால் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் மாடு வாங்க பேங்கில் கடன் ஏற்பாடு செய்வார்கள் என்று கேள்விப்பட்டாள். பங்குத்தொகை கட்டினாள். நூற்றுப் பதினேழாம் நம்பர் உறுப்பினர் ஆனாள். அறுபதாயிரம் ரூபாய்க் கடனில் ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு வந்தது. விற்றவன் அதைச் சரோஜா என்று கூப்பிட்டான். பெயரை மாற்ற டோரதிக்குத் தோன்றவில்லை. காதில் பன்னிரண்டு இலக்க மஞ்சள் வில்லை இருந்தது, அது போதும் என்று நினைத்தாள்.

சங்கத்தின் ஏற்பாடு அவளுக்கு உடனே பிடித்துப்போனது. காலையில் ஆறு மணிக்கும் சாயங்காலம் நாலரைக்கும் பாலைக் கொண்டுபோக வேண்டும். எடை மெஷினில் ஊற்றியதும் பானு ஒரு கரண்டி எடுத்துச் சோதனை மெஷினின் குழாய்க்கடியில் வைப்பாள். பானுதான் சங்கத்தின் பால் பரிசோதகர். இருபத்தாறு வயது, காட்டூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். மெஷின் ஒரு நிமிஷம் உறிஞ்சிப் பார்த்துவிட்டு இரண்டு எண்களைக் காட்டும். முதல் எண் கொழுப்பு. ஊரில் ஃபேட் என்பார்கள். இரண்டாவது கொழுப்பு தவிர்த்த மற்றச் சத்து, எஸ்என்எஃப். இரண்டையும் வைத்துக் கம்ப்யூட்டரே லிட்டருக்கு என்ன விலை என்று முடிவு செய்து துண்டுச்சீட்டு அச்சடித்துத் தரும். அப்படிப் பதினைந்து நாள் சேர்ந்ததைக் கூட்டி, அதில் கடன் தவணை ஆயிரத்து நானூறும் தீவன மூட்டைக் காசும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைப் பேங்கில் போடுவார்கள். அதற்குப் பட்டுவாடா என்று பெயர். சரோஜாவின் பால் ஃபேட் நாலு புள்ளி இரண்டு. இரண்டு மாதம் ஒரு வம்பும் இல்லை.

மூன்றாவது மாதம்தான் அவளுக்கு ஸ்ரீரங்கம் கிடைத்தது. பழைய கம்பெனியில் கணக்கு எழுதியவர் மூலமாக, வடக்குச் சித்திரை வீதியில் நாலு வீடுகள். கறந்த பால் வேண்டும், விடியற்காலை டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் வேண்டும், லிட்டர் அறுபது ரூபாய். சரோஜா காலையில் எட்டு லிட்டர் கறப்பாள். டோரதி நாலே முக்காலுக்கு உட்கார்ந்து முதல் ஐந்து லிட்டரை ஸ்ரீரங்கத்துக் கேனில் கறந்து மூடிவைப்பாள். பிறகு வேறு தூக்கில் மிச்சம் மூன்று லிட்டர். அந்தத் தூக்கை இன்னாசிராஜ் பஸ்ஸுக்குப் போகிற வழியில் சங்கத்தில் ஊற்றிவிடுவான். கேனோடு அவள் டிவிஎஸ்ஸில் ஸ்ரீரங்கம் போவாள். சாயங்காலம் கறக்கும் ஐந்து லிட்டரும் சங்கத்துக்கே.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் பால் ஊற்றப் போனபோது பானு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, எருமை ஒண்ணு பிடிச்சீங்களா?"

"இல்லையே. ஏம்மா?"

"காலைல உங்க பால் ஃபேட் ஆறு புள்ளி அஞ்சு. மூணு நாளா அப்படித்தான். அஞ்சரைக்கு மேல போனா கம்ப்யூட்டர் தானா எருமைன்னு போட்டுக்கும்."

சீட்டுகளை எடுத்துக் காட்டினாள். காலைச் சீட்டில் 'எ' என்று இருந்தது. அப்போதுதான் அச்சாகி வெளியே வந்த மாலைச் சீட்டில் நாலு புள்ளி நாலு, 'ப'.

"மெஷின் சரியா இருக்கா?" என்றாள் டோரதி.

"உங்களுக்கு முன்னாடி ஊத்தினவங்களுக்கும் பின்னாடி ஊத்தினவங்களுக்கும் சரியாத்தான் காட்டுது. உங்களுக்கு மட்டும் காலைல எருமை, சாயங்காலம் பசு. அதுலயும் பாருங்க, ஃபேட் எருமை மாதிரி இருக்கு, எஸ்என்எஃப் எட்டரைக்குள்ளதான் வருது. எருமைன்னா ஒன்பதுக்குப் போகணும். எனக்கே புரியல."

வேறு யாராக இருந்தாலும் லிட்டருக்கு எட்டு ரூபாய் கூட வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்கள். டோரதியால் அப்படி இருக்க முடியவில்லை. தப்பான அளவு அவளுக்குச் சாதகமாக வந்தாலும் அது தப்பான அளவுதான்.

இதே வாரத்தில் ஸ்ரீரங்கத்தில் இன்னொன்று ஆரம்பித்தது. நாலு வீட்டில் முதல் வீடு ஸ்ரீரங்கராஜனுடையது. ரயில்வே தணிக்கைப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியிலிருந்து பால் பாத்திரத்தோடு இறங்கி வந்தவர், மறு கையில் ஒரு கண்ணாடிக் குழலை வைத்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. ஆத்துக்காரி அனுபமா சொல்றா, பால் தண்ணியா இருக்காம். காபி நிறமே வரலையாம். ஆடையும் கட்டலை."

"தண்ணி கலக்கல சார். ஒரு சொட்டுக் கூட இல்ல."

"அதான் நானும் சொன்னேன். லாக்டோமீட்டர் வாங்கிண்டு வந்தேன். பார்." குழலைப் பாலில் மிதக்கவிட்டார். அது முப்பத்தொன்றில் நின்றது. "தண்ணி கலந்தா இருபத்தஞ்சு, இருபத்தாறுன்னு இறங்கிடும். முப்பத்தொண்ணுன்னா சுத்தமான பால். லாக்டோமீட்டர்படி தண்ணி இல்லை. நாக்குப்படி தண்ணி. எதை நம்பறதுன்னு தெரியலை."

டோரதிக்கும் தெரியவில்லை. ஒரு இடத்தில் அவள் பால் எருமைப் பாலாம், இன்னொரு இடத்தில் தண்ணீராம்.

பதினைந்தாம் தேதி கணக்கு முடிந்தது. பட்டுவாடா அன்று பேங்கில் இருநூற்று ஐம்பது ரூபாய்தான் ஏறியிருந்தது. அவள் நேராகச் செயலாளரிடம் போனாள்.

செயலாளர் அழகர்சாமி நல்ல மனிதர். யாருக்கும் கஷ்டம் வரக்கூடாது என்று நினைப்பவர், அதற்காக என்ன வேண்டுமானாலும் எழுதத் தயங்காதவர். கணக்குத் தாளை மேஜையில் விரித்தார்.

"இங்க பாருங்க தங்கச்சி. சாயங்காலப் பால் எழுபத்தஞ்சு லிட்டர், இரண்டாயிரத்து எண்ணூத்தம்பது. கடன் தவணையும் ஒரு மூட்டைத் தீவனமும் போக இருநூத்தம்பது. அது சரியா வந்துடுச்சு."

"காலைப் பால் எங்கண்ணே?"

"அதைக் கம்ப்யூட்டர் நிறுத்தி வச்சிருக்கு. உங்க பேர்ல பசுக் கடன்தான் இருக்கு. எருமை பதிவே இல்ல. பதிவு இல்லாத எருமை கறந்த பாலுக்குப் பணம் போட முடியாதுல்ல. அதனால நாப்பத்தஞ்சு லிட்டரும் தனியாப் போயிடுச்சு." தாளின் அடியில் ஒரு வரியைக் காட்டினார். 'உரிமையாளர் உறுதி செய்யப்படாத எருமை' என்று அச்சாகியிருந்தது. அதற்கு நேராக இரண்டாயிரத்து எழுபது ரூபாய்.

"அண்ணே, அந்த எருமையே இல்ல. எல்லாம் சரோஜா பால்தான்."

"நான் நம்பறேன். ஆனா பேங்குக்கு ஒரு அறிக்கை தானாப் போயிடும். பசுக் கடன் வாங்கினவங்க எருமைப் பால் ஊத்தினா, பசுவை வித்துட்டு எருமை வாங்கிட்டாங்கன்னு சந்தேகம் வரும். கடனுக்குப் பிணையே அந்தப் பசுதானே."

அழகர்சாமி கொஞ்சம் யோசித்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "எனக்கு ஒரு வழி தோணுது. ஒரு எருமை இருக்குன்னு ஒத்துக்கிட்டுப் போயிடுங்களேன். ஒரு விண்ணப்பம், ஒரு போட்டோ. பதிவு பண்ணிட்டா அந்த ரெண்டாயிரமும் உங்களுக்கே வந்துடும். மேற்கொண்டும் எருமை ரேட்டு."

"இல்லாத எருமைக்கு எப்படிப் போட்டோ எடுப்பீங்க?"

"நவநீதன்கிட்ட மூணு இருக்கு. ஒண்ணைக் கேட்டா குடுப்பான்."

அவள் முடியாது என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் மறுநாள் மத்தியானம் நவநீதன் ஒரு எருமையை ஓட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். "செயலாளர் அனுப்பினாருக்கா. ஒரு போட்டோதானாம்" என்றான். வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எருமை வாய்க்கால் ஓரச் சேற்றைப் பார்த்துவிட்டது. இறங்கிப் படுத்துக்கொண்டது. நவநீதன் கூப்பிட்டான், இழுத்தான், வாலை முறுக்கினான். அது கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டது.

அந்த நேரம் பார்த்து பேங்கின் கள மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். பெயர் கியாசுதீன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பைக்கிலிருந்து இறங்கி, கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, முதலில் சேற்றில் கிடந்த எருமையைப் பார்த்தார்.

"இதுதானா?" என்றார்.

"இல்லைங்க சார். அது இவரோடது" என்றாள் டோரதி.

"என்னோடதுதாங்க, ஆனா போட்டோவுக்கு இவங்களோடது" என்றான் நவநீதன். அவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கியாசுதீன் கொட்டகைக்குள் போனார். சரோஜா தவிட்டுத் தொட்டியில் முகத்தை வைத்திருந்தாள். அவர் காது வில்லையின் பன்னிரண்டு எண்களையும் கையிலிருந்த தாளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. கொம்பைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். "பசுதான்" என்று சரோஜாவிடமே உறுதிப்படுத்தினார்.

"அப்ப முடிஞ்சுதா சார்?" என்றாள் டோரதி.

"பசு இருக்குன்னு எழுதிடலாம்மா. அடுத்த கேள்வி, எருமை இருக்கா." படிவத்தைக் காட்டினார். அதில் 'உள்ளது' என்றும் 'காணப்படவில்லை' என்றும் இரண்டு கட்டங்கள் இருந்தன. "காணப்படவில்லைன்னு டிக் பண்ணினா, எங்க போச்சுன்னு மேலேருந்து கேப்பாங்க. ஒவ்வொரு நாளும் பால் வந்திருக்குல்ல, சீட்டு இருக்கு. உள்ளதுன்னு டிக் பண்ணினா, பதிவு இல்லாம எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க."

"இல்லவே இல்லைன்னு ஒரு கட்டம் இல்லையா?"

"இல்லைம்மா. இருபத்தெட்டு வருஷத்துல அப்படி ஒண்ணு தேவைப்பட்டதில்ல." அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "அடுத்த கணக்கு முடியறதுக்குள்ள ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க. இல்லைன்னா மொத்தக் கடனையும் ஒரேயடியாக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்துடும். அதைத் தடுக்க என்னால முடியாது."

இன்னாசிராஜ் சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் கேட்டான். எருமை அப்போதும் சேற்றில்தான் கிடந்தது. நவநீதன் வீட்டுக்கு ஆள் கூப்பிடப் போயிருந்தான். "உனக்கு என்ன தோணுது?" என்றான் இன்னாசிராஜ்.

டோரதி படியில் உட்கார்ந்திருந்தாள். "மெஷின் சரி. சார் வீட்டு லாக்டோமீட்டரும் சரி. அனுபமா மாமி நாக்கும் சரின்னு வச்சுக்குவோம். மூணும் சரின்னா, அளக்கறதுல தப்பில்ல. அளக்க நாம எடுத்துட்டுப் போறதுலதான் ஏதோ இருக்கு."

"எல்லாம் ஒரே மடிதானே."

"ஒரே மடிதான். ஆனா அங்க இருக்க வேண்டியது இங்க வந்திருக்கு. சங்கத்துல ஃபேட் கூட. ஸ்ரீரங்கத்துல குறைச்சல். சாயங்காலம் பங்கு போடறதில்ல, சரியா இருக்கு. ரெண்டு மாசம் மொத்தமா ஊத்தினப்பவும் சரியா இருந்துச்சு." பிறகு எழுந்துபோய்ச் சமையலறைப் பரணில் தேடி, ஒரே மாதிரியான எட்டு எவர்சில்வர் தூக்குகளைச் சேர்த்தாள். வீட்டில் ஐந்துதான் இருந்தன. மூன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கினாள். ஒவ்வொன்றின் மேலும் பழைய பழக்கத்தில் சாக்பீஸால் நம்பர் போட்டாள்.

மறுநாள் ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்து, இன்றைக்குப் பால் வராது என்று சொல்லிவிட்டாள். முதல் லிட்டரை முதல் தூக்கில் கறந்தாள், இரண்டாவதை இரண்டாவதில். அப்படியே எட்டு வரை. சரோஜாவுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னாசிராஜ் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுவிட்டு நாலு தூக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான்.

சங்கத்தில் கூட்டம். எட்டுத் தூக்கோடு வந்தவர்களைப் பார்த்து வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. டோரதி, "நீங்கள்லாம் ஊத்திட்டுப் போங்க. நான் கடைசியா வரேன்" என்றாள். ஆனால் முதலில் ஊற்றியவர்கள்கூடக் காலித் தூக்கோடு நின்றுவிட்டார்கள். கியாசுதீனும் வந்திருந்தார், முதல் நாள் ராத்திரி அவள் கூப்பிட்டிருந்தாள். அழகர்சாமி அவருக்கு நாற்காலி போட்டார்.

பானு முதல் தூக்கிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மெஷினுக்குக் கொடுத்தாள். எல்லாரும் எண் பலகையைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு புள்ளி ஆறு" என்று பானு வாசித்தாள். "அக்கா, இது தண்ணி."

"எழுதிக்கம்மா."

இரண்டாவது தூக்கு இரண்டு புள்ளி இரண்டு. மூன்றாவது இரண்டு புள்ளி ஏழு. பிறகு மூன்று புள்ளி மூன்று, நாலு, நாலு புள்ளி ஒன்பது. தூக்குக்குத் தூக்கு ஏறிக்கொண்டே போனது. ஏழாவது தூக்கு ஆறு புள்ளி ஒன்று என்றதும் கம்ப்யூட்டர் 'எ' போட்டது. எட்டாவது எட்டு புள்ளி ஆறு.

"மொதல்ல மடிலேருந்து வர்றது மெலிசாத்தான் இருக்கும்" என்று பின்னாலிருந்து நவநீதன் சொன்னான். "கடைசிப் பால்தான் கெட்டி. அதனாலதான் கன்னுக்குட்டிய கடைசியா விடுவோம். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேத்தே ஏன் சொல்லல?" என்றாள் டோரதி.

"நேத்து நாம எருமை வேணுமான்னுதானேக்கா பேசினோம். பாலைப் பத்தி யாரும் கேக்கலையே."

டோரதி பானுவிடமிருந்து தாளை வாங்கிக் கூட்டினாள். "எட்டையும் கூட்டி வகுத்தா நாலு புள்ளி ஒண்ணு ஏழு. மொத்தமாக் கலந்தா பசு. மொதல் அஞ்சைப் பிரிச்சா ரெண்டே முக்கால். கடைசி மூணு ஆறரை. நான் மொதல் அஞ்சை எடுத்துக்கிட்டு கடைசி மூணை இங்க குடுத்திருக்கேன். தெரியாமக் குடுத்தேன். அவ்வளவுதான்."

பானுவின் முகம் மலர்ந்தது. இரண்டு வாரமாக எஸ்என்எஃப் ஏன் ஒத்துவரவில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவள் அவள்.

அழகர்சாமி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டுத் தூக்குல ஆறு பசு, ரெண்டு எருமை" என்றார் நிதானமாக. "அப்ப இந்த மாடு கால்வாசி எருமை."

"இல்லைண்ணே. முழுசாப் பசு."

"கணக்குப்படி சொல்றேன்." கியாசுதீன் பக்கம் திரும்பினார். "சார், கால் எருமைன்னு எழுத முடியுமா?"

"எண்ணிக்கைக் கட்டத்துல முழு எண்தான் ஏறும்" என்றார் கியாசுதீன். அதுவரை அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. இப்போது பேனாவைத் திறந்தார். "அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த மொதல் அஞ்சு லிட்டர் எங்க போகுது?"

இந்தக் கேள்வி வரும் என்று டோரதிக்குத் தெரியும். வீட்டுச் செலவு போக மிச்சப் பாலை உறுப்பினர்கள் சங்கத்துக்குத்தான் ஊற்ற வேண்டும் என்பது விதி. அவள் எட்டு லிட்டரிலிருந்து மூன்றுக்கு இறங்கியபோது அழகர்சாமி கேட்டதற்கு, வீட்டுச் செலவு என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு பொய் அவளை அன்றிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது.

"ஸ்ரீரங்கத்துல நாலு வீட்டுக்கு விக்கறேன் சார். வீட்டுச் செலவுன்னு சொன்னது தப்பு."

பின்னால் வரிசை சட்டென்று குறையத் தொடங்கியது. பாதிப் பேர் தரையைப் பார்த்தபடி தூக்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அங்கே நின்ற அறுபது பேரில் வெளியே பால் விற்காதவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அழகர்சாமியின் மனைவி திருவானைக்காவலில் ஒரு டீக்கடைக்குத் தினமும் ஆறு லிட்டர் கொடுக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும்.

அழகர்சாமி தொண்டையைச் செருமினார். "வீட்டுச் செலவுன்னா எந்த வீடுன்னு விதியில எழுதல. வீடுன்னுதான் இருக்கு. நாலு வீடும் வீடுதானே சார்."

கியாசுதீன் குனிந்து எழுத ஆரம்பித்தார். எட்டு எண்களையும் படிவத்தின் பின்பக்கம் வரிசையாக எழுதி, பானுவிடமும் அழகர்சாமியிடமும் கையெழுத்து வாங்கினார். முன்பக்கத்தில் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடத்தில், சின்ன எழுத்தில், 'எருமை எக்காலத்திலும் இருந்ததில்லை' என்று எழுதிக் கீழே கோடு போட்டார். "பார்ப்போம். ஒத்துக்கிட்டா ஒத்துக்கட்டும்" என்றார். பைக்கில் ஏறும்போது அவர் முகத்தில் ஒரு புது உற்சாகம் தெரிந்தது.

பேங்க் ஒத்துக்கொண்டது. நூற்றுப் பதினேழாம் நம்பருக்குக் கம்ப்யூட்டரில் 'எப்போதும் பசு' என்று போட்டுப் பூட்டினார்கள். நிறுத்திவைத்த நாற்பத்தைந்து லிட்டரையும் பசு விலையில் கணக்கிட்டு, இரண்டாயிரத்து எழுபதிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் குறைத்து, அடுத்த பட்டுவாடாவில் சேர்த்தார்கள். குறைத்தது சரி என்று டோரதியே கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். எட்டு லிட்டரையும் ஒரே குண்டானில் கறந்து, கரண்டியால் கலக்கி, அதற்குப் பிறகுதான் பிரிக்க ஆரம்பித்தாள்.

ஸ்ரீரங்கத்தில் அனுபமா மாமிக்குப் பரம திருப்தி. ஆடை கட்டியது, காபிக்கு நிறம் வந்தது. ஆனால் மூன்றாம் நாள் ஸ்ரீரங்கராஜன் குழலோடு இறங்கி வந்தார்.

"டோரதி, முப்பத்தொண்ணு இருந்தது இருபத்தொன்பதரை ஆயிருக்கு. இப்பத்தான் தண்ணி கலக்கறயோன்னு ஒரு சம்சயம்."

அவள் வண்டி ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, கொழுப்பு கூடினால் பால் லேசாகிவிடும், குழல் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும் என்று பானு சொல்லிக்கொடுத்ததைப் பொறுமையாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். இத்தனை நாள் எண்களை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார், அதைப் புரட்டினார். "அப்போ முன்னாடி தண்ணியா இருந்தபோது சுத்தம். இப்போ சுத்தமா இருக்கறச்சே சந்தேகம்" என்றார். அதை அப்படியே நோட்டிலும் எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து குழலைக் கொண்டுவரவில்லை. ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து, நின்றபடி குடிக்கச் சொல்லி, எப்படி இருக்கிறது என்று அவளையே கேட்பார்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சரோஜா மறுபடி சினையாகி, கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் கறவையை நிறுத்தினாள். அதே சமயத்தில் பானுவுக்கும் பேறுகாலம் நெருங்கிவிட்டது. பரிசோதகர் நாற்காலிக்கு யாரைப் போடுவது என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, அழகர்சாமி தயங்கித் தயங்கி டோரதி பெயரைச் சொன்னார். மெஷின் பழகுவதற்கு அவளுக்கு அரை நாள்தான் பிடித்தது. தினச்சம்பளம் முந்நூற்றைம்பது. பால் வராத இரண்டு மாதத்துக்கும் கடன் தவணையை அந்தச் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

இப்போது காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் போனால் சங்கத்து வரிசை வாய்க்கால் பாலம் வரைக்கும் நிற்கும். பானு இருந்தபோது ஏழரைக்கு முடிந்தது, இப்போது எட்டே கால் ஆகிறது. ஒவ்வொருவர் பாலையும் பத்துத் தரம் கலக்கியபிறகுதான் டோரதி கரண்டியை விடுவாள். மெஷினின் குழாயை ஒவ்வொரு தரமும் கழுவுவாள். போன வாரம் நவநீதன் அவசரமாகக் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று கெஞ்சினான்.

"ஏழு தரம் போதாதாக்கா?" என்றான்.

"எட்டு, ஒன்பது" என்று எண்ணிக்கொண்டே இருந்தாள் டோரதி.